விரலை மறுக்கும் கதவு, வேறு பெயருக்குத் திறக்கும் கதவு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் களஞ்சியக் கதவை எடுத்துக்கொள்வோம். கதவில் பிங்கர் மெசின் பூட்டியிருக்கிறது. 40 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு இரண்டு விரல் என்று மொத்தம் 80 விரல் பதிவுகள். காலையில் வாசலில் வரிசை நிற்கிறது, சிலர் நாலைந்து தடவை விரலை வைத்துப் பார்த்து அலுத்துப்போகிறார்கள். பொருத்திக் கொடுத்தவர் வந்து மெனுவுக்குள் போய் ஓர் எண்ணைக் குறைக்கிறார். வரிசை குறைகிறது. அந்த எண்ணைக் குறைத்ததால் கதவுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த எண்தான் எல்லைப்புள்ளி. மெசினில் `1:N Match Threshold` என்றோ `Security Level` என்றோ இருக்கும். வைத்த விரலுக்கும் சேமித்த பதிவுக்கும் உள்ள ஒற்றுமைக்கு மெசின் ஒரு புள்ளி போடுகிறது. அது எல்லையைத் தாண்டினால் கதவு திறக்கும். எல்லையை உயர்த்தினால் நம் ஆளையே மெசின் திருப்பி அனுப்புவது கூடும். இது பிழையான மறுப்பு. தாழ்த்தினால் அந்நியரையோ, ஒருவரை இன்னொருவர் என்றோ ஏற்றுக்கொள்வது கூடும். இது பிழையான ஏற்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். இதில் மறுப்பு உடனே தெரியும், ஆட்கள் முறைப்பாடு சொல்வார்கள். பிழையான ஏற்பைப் பற்றி யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள், உள்ளே போனவர் பேசாமல் போய்விடுவார். எண்ணைக் குறைக்கும் பழக்கம் ஆபத்தாவது இதனால்தான்.

ஆகவே எல்லைப்புள்ளியைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

மெசின் ஏற்கிறது, கதவு திறக்கவில்லை

பச்சை விளக்கு எரிகிறது, பெயர் வருகிறது, கதவு மட்டும் அசையவில்லை என்றால் கைரேகையில் குற்றம் இல்லை. உள்ளே இருக்கும் வெளியேறும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் திறக்காவிட்டால் பழுது பூட்டிலோ அதன் மின்சாரத்திலோ இருக்கிறது. 12 வோல்ட் பூட்டு என்றால், பூட்டு இழுக்கும் அதே நேரத்தில் அதன் முனைகளில் மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டி, இழுக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் வயர் மெல்லியது, அல்லது பற்றரி தேய்ந்துவிட்டது. பொத்தானுக்குத் திறந்து விரலுக்கு மட்டும் திறக்காவிட்டால் மெசினின் ரிலே வயரையும், அந்த ஆளுக்கு அனுமதித்த நேர அட்டவணையையும் பாருங்கள்.

விரல் வைத்தும் சத்தமே இல்லை. அல்லது காலையில் மட்டும் பிழைக்கிறது

"மீண்டும் முயற்சிக்கவும்" என்று மெசின் சொல்வதும், ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் வேறுவேறு. முதலாவதில் படம் எடுத்து, ஒப்பிட்டு, மறுத்திருக்கிறது. இரண்டாவதில் படமே எடுபடவில்லை. எடுபடாத படத்துக்குப் புள்ளி கிடையாது, ஆகவே எல்லைப்புள்ளியை எவ்வளவு குறைத்தாலும் ஒன்றும் மாறாது. எண்ணைக் குறைத்தும் நிலைமை அப்படியே இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

கண்ணாடி முகப்புள்ள ஒளிவழிச் சென்சருக்கு வெயில் எதிரி. கரையோரத்தில் கிழக்குப் பார்த்த வாசல் நிறைய உண்டு. கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ காலை வெயில் கடல் பக்கமிருந்து தாழ்வாக, நேரே சென்சருக்குள் விழும். சோதிப்பது எளிது: பிழைக்கும் நேரத்தில் ஒரு மட்டையை மெசினுக்கு மேலே நிழலாகப் பிடியுங்கள். உடனே வேலை செய்தால் காரணம் வெயில்தான். மூன்று பக்கமும் மறைத்த சிறு கூடு அடித்தால் போதும்.

அடுத்தது அழுக்கு. ஆலையில் உமித்தூள், கடற்கரையில் உப்புப் படிவு, எல்லா இடத்திலும் விரல் எண்ணெய். காய்ந்த மெல்லிய துணியால் தினமும் ஒருமுறை துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும்.

எல்லோருக்கும் சரி, சிலருக்கு மட்டும் எப்போதும் மறுப்பு

இதுதான் அடிக்கடி வரும் நிலை, தவறான மருந்து கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். பல மெசின்களில் மறுத்த முயற்சி ஆளின் பெயரோடு பதிவாகாது, ஏனென்றால் யார் என்றே அதற்குத் தெரியவில்லை. அதனால் மெசினின் பதிவை நம்பாமல், வாசலில் ஒரு சி.ஆர். கொப்பி வையுங்கள். ஆறு நாட்களுக்குக் காவலாளி நான்கு விசயம் எழுதட்டும்: நேரம், ஆள், எத்தனையாவது தடவை ஏற்றது, விரல் எப்படி இருந்தது (ஈரம், காய்வு, தூசி).

நம் ஆலைக் கணக்கு இப்படி வந்தது என்று வைப்போம். 40 பேர், நாளுக்கு நான்கு நுழைவு, ஆறு நாள்: 960 நுழைவு. முதல் தடவையிலேயே மறுத்தது 67. மொத்தமாகப் பார்த்தால் 7 சதவீதம், மெசினே மோசம் என்று தோன்றும். பெயர் வாரியாகப் பிரித்தால் 67இல் 45 மூன்று பேருடையவை. அந்த மூவருக்கு 72 நுழைவில் 45 மறுப்பு, அதாவது நூற்றுக்கு 62. மற்ற 37 பேருக்கு 888 நுழைவில் 22 மட்டும்; இரண்டரை சதவீதம்.

ஆக அந்த வாசலில் இருப்பவை இரண்டு வேறு நிலைமைகள். 37 பேருக்கு மெசின் நன்றாக வேலை செய்கிறது. மூவருக்கு வேலையே செய்யவில்லை. 7 என்ற சராசரி எவருடைய உண்மை நிலையும் அல்ல. குரலால் ஆளை அடையாளம் காணும் துறையில் டோடிங்டனும் சகாக்களும் 1998இலேயே இதைக் காட்டினார்கள். எளிதில் அடையாளம் காணப்படுவோருக்குச் செம்மறி என்றும், அடிக்கடி மறுக்கப்படும் சிலருக்கு வெள்ளாடு என்றும் பெயர் வைத்தார்கள்.

அந்த மூவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சாக்கு தைப்பவர், மூட்டை தூக்குபவர், நெல் அவிக்கும் இடத்தில் நிற்பவர். சணல் நூலும் சாக்கும் விரல்நுனியின் வரிகளைத் தேய்த்துவிடும். மெசின் தேடுவது வரிகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும். தேய்ந்த விரலில் அவை காணாமல் போகும், வெடிப்புகள் போலிப் பிரிவுகளாகத் தெரியும். அப்படிப்பட்ட விரல் வாங்கும் புள்ளி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதில்லை, வெகு கீழே கிடக்கும். எண்ணைக் கொஞ்சம் குறைப்பதால் மூவரும் பெரிதாகப் பயனடைய மாட்டார்கள்; கதவு மட்டும் எல்லோருக்கும் தளர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது மறுபதிவு. பழைய பதிவை முதலில் அழியுங்கள். பத்து விரலையும் வெளிச்சத்தில் பார்த்து, வரி தெளிவாக இருப்பதைத் தெரியுங்கள். வலது கைக்காரருக்கு இடது கையின் நடுவிரலோ மோதிர விரலோ பெரும்பாலும் குறைவாகத் தேய்ந்திருக்கும். கையைக் கழுவி, ஒற்றி, இலேசான ஈரப்பதம் இருக்கும்போது பதியுங்கள். விரல்நுனியைக் குத்தி வைக்கக் கூடாது. சுழி சென்சரின் நடுவில் வரும்படி தட்டையாக வைக்க வேண்டும். பதிந்த உடனே பத்துத் தடவை வைத்துப் பாருங்கள், குறைந்தது ஒன்பது தடவை ஏற்க வேண்டும். பிறகு அன்றைய வேலை முடியும் நேரத்தில் தூசியும் களைப்புமான அதே கையோடு இன்னொரு பத்து. இந்த இரண்டாவது பத்தை யாரும் செய்வதில்லை, உண்மையைச் சொல்வது அதுதான். அதில் ஏழுக்குக் கீழே வந்தால் வேறு விரல். எந்த விரலும் தேறாவிட்டால் அந்த ஆளுக்கு அட்டையும் விரலும் சேர்ந்த முறைதான் வழி. ஏன் அது தளர்வு அல்ல என்பது கீழே வருகிறது.

பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ விரல்நுனியில் மருதோன்றி போட்டவருக்குச் சில நாள் மறுப்பு வரலாம். அதற்காக மறுபதிவு வேண்டாம். மருதோன்றி போடாத விரல் ஒன்று முன்கூட்டியே பதிவில் இருந்தால் போதும்.

மாரியில் நன்றாக இருந்தது, கச்சான் அடிக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் மறுப்பு

சிலருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் சிறிது சிறிதாக மறுப்பு ஏறினால் தோலின் ஈரம் மாறியிருக்கிறது. மார்கழியில் ஈரத்தோலோடு பதிந்த விரலில் வரிகள் தடித்துத் தொடர்ச்சியாக இருக்கும். கச்சான் காற்று தோலைக் காயவைத்ததும் அதே வரிகள் புள்ளிபுள்ளியாக உடைந்து தெரியும். சோதனை: மறுக்கப்பட்டவர் ஈரத்துணியில் விரலை ஒற்றி, ஒரு நிமிடம் கழித்து வைக்கட்டும். ஏற்றால் காரணம் காய்வு.

இதற்கும் எல்லைப்புள்ளியைக் குறைக்க வேண்டாம். அடிக்கடி மறுக்கப்படுபவரின் அதே விரலைக் கச்சான் காலத்தில் இன்னொரு பதிவாகச் சேருங்கள், மாரிப் பதிவையும் அப்படியே வைத்திருங்கள். எல்லோருக்கும் சேர்க்கத் தேவையில்லை. பதிவுகள் கூடக் கூடப் பிழையான ஏற்பும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

வேறு ஒருவரின் பெயருக்குத் திறக்கிறது

லீவில் நிற்பவர் வேலைக்கு வந்ததாகப் பதிவாகிறது, அல்லது ஒருவர் விரல் வைக்க இன்னொருவர் பெயர் திரையில் வருகிறது. இதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். பிழையான ஏற்பு கண்ணுக்குத் தெரியும் ஒரே சந்தர்ப்பம் கிட்டத்தட்ட இதுதான். ஊழியர் இருவருக்கிடையில் குழம்பும் மெசின் அந்நியரிடமும் குழம்பும்.

தவறாக வந்த பெயர்களை எழுதுங்கள். எப்போதும் ஒரே இருவருக்கிடையில் என்றால், பதிவு நாளில் ஒருவரின் விரல் மற்றவரின் இலக்கத்தில் ஏறியிருக்கலாம். இது மனிதத் தவறு. இருவரையும் அழித்துப் பதிந்தால் தீரும். பலருடைய விரலும் ஒரே ஒரு பெயருக்குப் போனால் அந்தப் பெயரின் பதிவு மங்கலானது, தெளிவில்லாத படம் பலரோடும் ஒத்துப்போகிறது. அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். தேய்ந்த விரலை எப்படியாவது பதிந்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினால் விளைவது இப்படிப்பட்ட பதிவுதான். பலர் பலருடைய பெயரில் சிதறினால்தான் எல்லைப்புள்ளி தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணைத் தெரிவது

கையேட்டில் "பிழையான ஏற்பு ஒரு லட்சத்தில் ஒன்று" என்று இருந்தால் அது பெரும்பாலும் ஒரு விரலை ஒரு பதிவோடு ஒருமுறை ஒப்பிடுவதற்கான கணக்கு. விரல் மட்டும் வைத்துத் திறக்கும் கதவில் மெசின் 80 பதிவுகளோடும் ஒப்பிடுகிறது. அந்நியர் பத்து விரலையும் வைத்துப் பார்த்தால் 800 ஒப்பீடுகள். அத்தனையிலும் ஒன்றாவது ஏற்கும் வாய்ப்பு:

```
P = 1 - (1 - f)^(N*k)
```

`f` ஓர் ஒப்பீட்டின் பிழையான ஏற்பு, `N` பதிவுகளின் எண்ணிக்கை, `k` விரல் வைக்கும் தடவைகள். `f` மிகச் சிறியதாக இருக்கும்போது மூன்றையும் பெருக்கினாலே போதும்.

நம் கதவில் `N` 80, `k` 10. கடுமையான எல்லையில் `f` பத்து லட்சத்தில் ஒன்று என்றால் அந்நியர் நுழையும் வாய்ப்பு 0.08 சதவீதம். நடுவில், லட்சத்தில் ஒன்று என்றால் 0.8 சதவீதம். தளர்ந்ததில், பத்தாயிரத்தில் ஒன்று என்றால் ஏறத்தாழ 7.7 சதவீதம். பதின்மூன்று அந்நியரில் ஒருவர்! காலை வரிசையைக் குறைக்க எண்ணை இரண்டு படி தாழ்த்தியவர் செய்தது இதைத்தான், அவருக்கே தெரியாமல்.

அதே தளர்ந்த எல்லையை அட்டையோடு பாருங்கள். அட்டையைக் காட்டியதும் மெசின் அந்த ஒரு ஆளின் இரண்டு பதிவுகளோடு மட்டும் ஒப்பிடுகிறது. பத்து விரலுக்கும் இருபது ஒப்பீடுகள்; பத்தாயிரத்தில் ஒன்று என்ற தளர்ந்த எல்லையிலும் வாய்ப்பு 0.2 சதவீதம். நடு எல்லையில் விரல் மட்டும் வைக்கும் முறையின் 0.8ஐ விட இது நான்கு மடங்கு குறைவு, அட்டையும் கையில் இருக்க வேண்டும். தேய்ந்த விரல்காரருக்குக் கதவைத் தளர்த்தாமல் வழிவிடுவது இப்படித்தான். பல மெசின்களில் `1:1 Match Threshold` தனியாகவே இருக்கிறது. அதை மட்டும் தாழ்த்தலாம். அந்த மூவரின் கணக்கில் அட்டையும் விரலும் இரண்டும் கட்டாயம் என்று அமைக்க மறக்க வேண்டாம். அப்படி அமைக்காவிட்டால் அவர்களின் மங்கல் பதிவுகள் விரல் மட்டும் வைக்கும் தேடலிலும் கிடந்து வேறு பெயர்களை இழுக்கும்.

ஆகவே இந்தக் களஞ்சியத்துக்கு எங்கள் தெரிவு: விரல் மட்டும் வைக்கும் முறைக்கு நடு எல்லை, அந்த மூவருக்கு அட்டையும் விரலும். 37 பேரின் இரண்டரை சதவீத மறுப்பு என்றால் நாளுக்கு மூன்று நான்கு பேர் இரண்டாம் தடவை விரல் வைக்க வேண்டும். அது ஒரு வாசலுக்குப் பாரமில்லை. காசுப் பெட்டி இருக்கும் அறை என்றால் எல்லோருக்குமே அட்டையும் விரலும், எல்லை கடுமை. அங்கே போக வேண்டியவர் நாலைந்து பேர்தான், மறுப்பின் விலை சிறியது. வெறும் வரவுப் பதிவுக்காக, கதவே இல்லாமல் வைத்த மெசினில் தளர்ந்த எல்லை போதும் என்று நினைப்பது தவறு. அங்கே பிழையான ஏற்பு ஒருவரின் சம்பளத்தை இன்னொருவருக்குப் போடும்.

மெனுவில் இருக்கும் எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு மெசினில் 35 என்பது இன்னொன்றில் 3 ஆக இருக்கலாம். AS608 வகைச் சென்சரில் மட்டம் 1 முதல் 5 வரைதான், 5 மிகக் கடுமை. மெசினை மாற்றினால் பழைய எண்ணைக் கொண்டுபோகாமல் புதிய கையேட்டின் பிழை விகிதத்தைப் பார்த்து மறுபடி பெருக்குங்கள். கைத்தொலைபேசியின் கணக்கையும் இங்கே கொண்டுவரக் கூடாது. ஆப்பிள் தன் டச் ஐடிக்குச் சொல்லும் 50,000இல் ஒன்று என்பது ஒரு பதிவு விரலுக்கானது. 80 பதிவுள்ள வாசலுக்கு அது 625இல் ஒன்றாகிவிடும்.

மாற்றியபின் சோதிப்பது

மறுப்பை மறுபடி கொப்பி வைத்து ஆறு நாளில் அளக்கலாம். ஏற்பை அளப்பது கடினம். பதிவில் இல்லாத முப்பது பேரிடம் சம்மதம் கேட்டு, பத்து விரலையும் ஒவ்வொரு தடவை வைக்கச் சொல்லுங்கள்: 300 முயற்சி. ஒன்றுமே ஏற்காவிட்டால் பிழையே இல்லை என்று அர்த்தமல்ல. பூச்சியம் பிழை வந்தால் 3ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, ஒரு முயற்சியின் பிழை 1 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. நம் நடு எல்லையில் ஒரு முயற்சிக்கு 0.08 சதவீதம்தான், அதை உறுதிப்படுத்த ஏறத்தாழ 3,750 முயற்சி வேண்டும். 300 முயற்சியின் பயன் வேறு: ஒன்றோ இரண்டோ ஏற்றுவிட்டால், எங்கோ பெரிய தவறு இருக்கிறது என்பதை அது காட்டிவிடும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பெயருக்கு ஏற்றது என்பதை. அந்தப் பதிவு மங்கலா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லையை ஒரு படி ஏற்றுங்கள். சோதனைக்கு வந்தவர்களின் விரல்கள் மெசினில் சேமிக்கப்படக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உயிரியல் அளவுத் தரவுகளைத் தனிச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் பதிவையும் அன்றே அழியுங்கள், `N` குறைவதும் அதன் பலன்.

கடைசியாக மெசினைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பூட்டுக்குப் போகும் ரிலே வயர் இரண்டும் வெளிப்பக்கத்து மெசினிலேயே வந்து முடிந்தால், நான்கு திருகாணியைக் கழற்றி அந்த வயரைத் தொட்டுவைத்தோ வெட்டியோ கதவைத் திறந்துவிடலாம், விரல் எதற்கும் தேவையில்லை. ரிலேயை உள்ளே, பூட்டிய பெட்டிக்குள் தனிக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாற்றி, வெளியே இருக்கும் மெசின் அதனோடு தரவு வயரில் மட்டும் பேசும்படி அமைத்தபின்தான் மேலே பெருக்கிய 0.8 சதவீதம் இந்தக் கதவுக்குப் பொருந்தும்.